என்சிபி விழுக்காட்டைச் சரிபார்க்க வேண்டியது யார்? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ),
ஹைதராபாத்.

ஐயா, அம்மையீர்,

வாகனக் காப்பீட்டில் க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்சிபி சலுகையைப் பற்றி எழுதுகிறோம். சலுகை போதவில்லை என்பதல்ல எங்கள் குறை. ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக லட்சக்கணக்கான ரூபாய் க்ளெய்ம் முழுவதும் நிராகரிக்கப்படுகிறது. அதைத் தடுக்கவென்று எழுதப்பட்ட விதி இருந்தும் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பாலிசி விற்பவர்களும், ஒர்க்‌ஷாப்பில் க்ளெய்ம் மேசையில் உட்காருபவர்களும், சேத மதிப்பீடு செய்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. வாகனம் வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் விரித்துச் சொல்கிறோம். பொறுத்தருள்க.

முதலில் விழுக்காடுகள். வாகனக் காப்பீட்டுக் கட்டணங்களையும் விதிகளையும் வகுத்து 2002-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் 27-ஆம் பொது விதிதான் இதற்கு அடிப்படை. ஓர் ஆண்டு க்ளெய்ம் இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் 20%, தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு 25%, மூன்றுக்கு 35%, நான்குக்கு 45%, ஐந்துக்கு 50%. அதற்கு மேல் ஏறாது. பழைய டாரிஃபில் 55%, 65% வரை ஏறியவர்களுக்கு மட்டும், அடுத்த க்ளெய்ம் வரும் வரை அது நீடிக்கலாம் என்று 2002-ல் விலக்குத் தந்தார்கள். 2007 ஜனவரி 1 முதல், நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் இந்த ஐந்து படிகள் இன்றுவரை பாலிசிகளில் அப்படியே இருக்கின்றன. படிப்படியாக ஏறி, ஒரே க்ளெய்மில் தரைக்கு வருவதில் இது பரமபதம்தான். ஐந்தாம் படியில் இருந்தாலும் முதல் படியில் இருந்தாலும் பாம்பு கடித்தால் பூஜ்யம்.

இந்தச் சலுகை முழு பிரீமியத்துக்கும் கிடையாது. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். தேர்டு பார்ட்டி பகுதி அரசு அறிவிக்கும் விகிதம். அதில் யாரும் கை வைக்க முடியாது. ஓர் உதாரணம். 1,200 சிசி பெட்ரோல் கார், நிறுவனத்தின் சொந்தத் தள்ளுபடியெல்லாம் போக ஓன் டேமேஜ் கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூன் 1 முதல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு தேர்டு பார்ட்டி 3,416 ரூபாய். 45% என்சிபி இருந்தால் 5,500-ம் 3,416-ம் சேர்ந்து 8,916. அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 10,521. என்சிபி இல்லையென்றால் இதே கார் 15,831 ரூபாய் கேட்கும். வித்தியாசம் 5,310. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

க்ளெய்ம் செய்தால் எவ்வளவு இழப்போம் என்று கேட்டால், மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் "அடுத்த வருஷம் என்சிபி போயிடும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதிக் கணக்குதான். பழைய படிக்குத் திரும்பி ஏற ஐந்து ஆண்டு ஆகும். அந்த ஐந்து ஆண்டு வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். 35% என்சிபியோடு ஓடும் பாலிசியை எடுத்துக்கொள்வோம். க்ளெய்ம் இல்லையென்றால் இனி 45, 50, 50, 50, 50 என்று போகும். க்ளெய்ம் செய்தால் 0, 20, 25, 35, 45. ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் 45, 30, 25, 15, 5. மொத்தம் 120. அதாவது ஓர் ஆண்டு ஓன் டேமேஜ் கட்டணத்தைவிடக் கூடுதலாக ஒருவர் இழக்கிறார். இதே கணக்கை மற்றப் படிகளுக்கும் போட்டால், புதுக் கார் வாங்கிய முதல் ஆண்டில் செய்யும் க்ளெய்மின் விலை 50 விழுக்காடு, 20% படியில் 80, 25% படியில் 105, 45 அல்லது 50% படியில் 125. வண்டி பழசாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பான ஐடிவி குறைந்து கட்டணமும் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் முடிவெடுக்க இந்த எண்கள் போதும்.

இப்போது ஒரு பம்பர். மேலே சொன்ன அதே கார், நான்காம் ஆண்டு, 35% படி. பார்க்கிங்கில் தூணில் இடித்து முன்பம்பர் உடைகிறது. புதுப் பம்பர் 6,500, பெயின்ட் 4,000, கூலி 1,200, ஆக பில் 11,700. பம்பர் பிளாஸ்டிக், ஆகவே தேய்மானம் 50%, கிடைப்பது 3,250. பெயின்ட் பில்லில் கால் பங்கை, அதாவது 1,000 ரூபாயை, பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், கிடைப்பது 3,500. கூலி முழுதாகக் கிடைக்கும். மொத்தம் 7,950. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக, நிறுவனம் தருவது 6,950. இதற்கு விலையாக வண்டிக்காரர் ஐந்து ஆண்டுகளில் இழப்பது, கட்டணம் 10,000-லேயே நின்றால், 12,000-ம் அதற்கான வரியும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாதுகாப்பு எடுத்திருந்தாலும் கிடைப்பது 10,700 தான், அப்போதும் நட்டம். ஆனால் இதே பம்பர் முதல் ஆண்டில் உடைந்திருந்தால் இழப்பு 5,000-ம் வரியுமாக 5,900. அப்போது க்ளெய்ம் செய்வதில் சிறு லாபம் உண்டு. ஆகவே "சின்ன சேதத்துக்கு க்ளெய்ம் போடாதீங்க" என்ற பொதுப் புத்திமதி சரியான பதில் அல்ல. எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

என்சிபி புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் எத்தனை க்ளெய்ம் வரை, எந்த வகை சேதத்துக்கு, என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நிறுவனம் மாறும்போது அந்தப் பாதுகாப்பைப் புது நிறுவனம் ஏற்குமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வண்டிக்காரர் கணக்குப் பார்க்காமல் க்ளெய்ம் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் வசதி. ஒரு படிவத்தில் கையெழுத்து, இரண்டு நாளில் வண்டி கையில். காப்பீட்டு நிறுவனத்தோடு அவர் பேசவே இல்லை. பணமும் அவர் கைக்கு வரவில்லை. தாம் ஒரு க்ளெய்ம் செய்திருக்கிறோம் என்பதே பலர் மனதில் பதிவதில்லை. ஐந்து மாதம் கழித்து, மார்ச் 9 அன்று பாலிசி முடிகிறது. குறைந்த விலைக்காக வேறு நிறுவனத்தின் பாலிசியை இணையத்தில் எடுக்கிறார். "கடந்த பாலிசியில் க்ளெய்ம் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று முன்கூட்டியே குறி போடப்பட்டிருக்கிறது. பழைய என்சிபி 35% என்று அவர் உள்ளிட, புது என்சிபி 45% என்று திரை தானே காட்டுகிறது. பணம் கட்டுகிறார். மார்ச் 10 முதல் புது பாலிசி.

ஆகஸ்டில் விபத்து. சேதம் 1,80,000 ரூபாய் என்று சர்வேயர் மதிப்பிடுகிறார். அதற்குப் பிறகுதான் புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் என்சிபி பற்றிக் கேட்கிறது. "இந்தத் தேதியில் 6,950 ரூபாய் க்ளெய்ம் கொடுத்திருக்கிறோம்" என்று பதில் வருகிறது. உடனே நிராகரிப்புக் கடிதம். காரணம்: என்சிபி பற்றிப் பொய்யான உறுதிமொழி.

விதியின் பக்கம் நிறுவனத்துக்கு ஓர் ஆதாரம் இருப்பது உண்மைதான். பழைய நிறுவனத்தின் புதுப்பிப்பு அறிவிப்பையோ என்சிபி சான்றையோ தர முடியாதவர், தாம் கேட்கும் விழுக்காடு சரியானது, முந்தைய காலத்தில் க்ளெய்ம் எதுவும் இல்லை என்று எழுதித் தரலாம். அது தவறென்று தெரிந்தால் பாலிசியின் முதல் பிரிவில், அதாவது வண்டிக்கான சேதப் பிரிவில், எல்லாப் பலன்களும் பறிபோகும் என்றும் அதிலேயே ஒப்புக்கொள்கிறார். தேர்டு பார்ட்டி பொறுப்பு இதனால் பாதிக்கப்படாது. ஆனால் விதி அங்கே முடியவில்லை. அடுத்த வரிகளைத்தான் யாரும் படிப்பதில்லை. இப்படி ஓர் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு சலுகை தரும் நிறுவனம், பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் பழைய நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டே ஆக வேண்டும். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பழைய நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். யார் தவறினாலும் அது டாரிஃப் மீறல்.

நாள்களை எண்ணிப் பாருங்கள். மார்ச் 10-க்கு 21 நாள் கூட்டினால் மார்ச் 31. அதிலிருந்து 30 நாள் கூட்டினால் ஏப்ரல் 30. தபால் நாள்கள் சில சேர்ந்தாலும் மே முதல் வாரத்துக்குள் உண்மை தெரிந்திருக்கும். நிறுவனம் ஒரு கடிதம் எழுதி, குறைவாகக் கட்டிய 5,310 ரூபாயைக் கேட்டு வாங்கியிருக்கும். கட்ட மறுத்தால் அப்போதே நடவடிக்கை எடுத்திருக்கலாம். ஒழுங்காக இதைச் செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன; "என்சிபி வித்தியாசத்தைச் செலுத்தவும்" என்று வரும் கடிதங்களைப் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்யாத நிறுவனத்துக்கு லாபம் இரண்டு பக்கமும் வருகிறது. விபத்து நடக்காவிட்டால் பிரீமியம் மிச்சம். நடந்துவிட்டால் அப்போது எழுதிக் கேட்டுக்கொள்ளலாம், க்ளெய்மை மறுத்துவிடலாம்.

இங்கேதான் ஆணையத்தின் கவனத்தைக் கேட்கிறோம். 21 நாள், 30 நாள் என்ற கடமைகளை மீறினால் அது "டாரிஃப் மீறல்" என்றது பழைய விதி. டாரிஃபே கட்டுப்படுத்தாத காலத்தில் அந்த மீறலுக்கு யார், என்ன தண்டனை கொடுப்பது? வாடிக்கையாளர் மேல் விழும் பறிமுதல் வாசகம் மட்டும் படிவங்களில் கூர் மழுங்காமல் இருக்கிறது. நிறுவனத்தின் கடமை காற்றில் தொங்குகிறது. நுகர்வோர் ஆணையங்களிலும் ஒரே மாதிரியான தீர்ப்பு இல்லை. உறுதிமொழி பொய்யென்பதால் முழு நிராகரிப்பு சரி என்ற உத்தரவுகளும் உண்டு. நிறுவனமும் சரிபார்க்கத் தவறியதால் விகிதாசாரமாகக் கொடு என்ற உத்தரவுகளும் உண்டு. நம் உதாரணத்தில் 10,000 கட்ட வேண்டியவர் 5,500 கட்டியிருக்கிறார். விகிதாசாரப்படி 1,80,000-க்கு 55%, அதாவது 99,000 கிடைக்கும். முழு நிராகரிப்பு என்றால் ஒன்றுமில்லை. எந்த அமர்வுக்குப் போனார் என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது.

ஆகவே கேட்கிறோம். சரிபார்ப்புக் கடமையை இன்றைய மொழியில், இன்றைய கால அளவில், ஆணையத்தின் சுற்றறிக்கையாகத் திரும்ப எழுதுங்கள். பதிவுத் தபால் வேண்டாம். வாகனப் பதிவு எண்ணையும் பழைய பாலிசி எண்ணையும் வைத்து நிறுவனங்களுக்குள் மின்வழியாகக் கேட்டுப் பெறுவதற்கு இன்று தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. காப்பீட்டுத் தகவல் மையம் உங்கள் முயற்சியில் உருவானதுதானே. கெடுவுக்குள் கேட்காத நிறுவனம் பிறகு என்சிபி காரணம் காட்டி க்ளெய்மை முழுதாக மறுக்க முடியாது, வித்தியாசப் பிரீமியத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேண்டுமென்றே பொய் சொன்னவரைக் காப்பாற்றக் கேட்கவில்லை. கெடுவுக்குள் கேட்ட நிறுவனம், வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி எழுதியும் கட்டாதவர் மேல் நடவடிக்கை எடுக்கட்டும்.

இணையப் படிவத்தில் க்ளெய்ம் பற்றிய கேள்விக்கு முன்கூட்டியே விடை குறிக்கப்பட்டிருக்கக் கூடாது. கேஷ்லெஸ் வேலையும் க்ளெய்ம்தான், கண்ணாடி மட்டும் மாற்றியதும் பொதுவாக க்ளெய்ம்தான் என்று அதன் கீழேயே தமிழிலும் மற்ற மொழிகளிலும் எழுதச் சொல்லுங்கள். க்ளெய்ம் பதியும் முன் ஒர்க்‌ஷாப்பில் தரும் படிவத்தில், "இப்போது உங்கள் என்சிபி இவ்வளவு, இந்த க்ளெய்முக்குப் பின் பூஜ்யம், ஐந்து ஆண்டில் ஏறக்குறைய இவ்வளவு இழப்பு" என்று ஒரு வரி அச்சிட்டால், மேலே போட்ட பம்பர் கணக்கை வண்டிக்காரரே பார்த்துக்கொள்வார். நிறுவனங்களுக்கும் சில்லறை க்ளெய்ம்கள் குறையும்.

இன்னொரு சிக்கல், தகவல் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்ற க்ளெய்ம். முந்தைய ஆண்டில் க்ளெய்ம் "செய்யப்படாமலும் நிலுவையில் இல்லாமலும்" இருந்தால் சலுகை என்கிறது விதி. பத்தாயிரம் ரூபாய் வேலைக்குத் தகவல் கொடுத்து, கணக்குப் பார்த்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் க்ளெய்ம் செய்தவரா? சில இடங்களில் பணம் தராமல் மூடிய கோப்பும் க்ளெய்மாகவே பதிவில் நிற்கிறது. பணம் எதுவும் கொடுக்காமல் மூடப்பட்டது க்ளெய்ம் ஆகாது, என்சிபி குறையாது என்று ஆணையம் ஒரு வரி எழுதினால் போதும். அதுவரை, திரும்பப் பெறுகிறவர்கள் கோப்பு பணமின்றி மூடப்பட்டது என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலாவது வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

பழைய வண்டி வாங்குவோரும் இதே குழியில் விழுகிறார்கள். என்சிபி வண்டியோடு போவதில்லை, ஆளோடு போகிறது. காரை வாங்கியவர் 14 நாளுக்குள் ஓன் டேமேஜ் பகுதியைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். அப்போது விற்றவரின் சலுகையை மீதி நாள்களுக்குக் கணக்கிட்டு வாங்குபவரிடம் நிறுவனம் வசூலித்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டு விற்றவர் பெயரிலேயே பாலிசியை ஓட்டினால், விபத்தின்போது வண்டி சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். விற்றவர் தம் பக்கத்தில் செய்ய வேண்டியது, ஆர்சி பெயர் மாறியதற்கான சான்றையும் பாலிசி நகலையும் கொடுத்து என்சிபி தக்கவைப்புக் கடிதம் வாங்குவது. அதே வகை வண்டி வாங்கும்போது அதைக் காட்டலாம்; காருக்கு வாங்கியது பைக்குக்கு ஆகாது. பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை செல்லும். வண்டியை வைத்துக்கொண்டே புதுப்பிக்காமல் விட்டவருக்கோ 90 நாள்தான். 91-ஆம் நாள் ஐந்து ஆண்டுச் சேமிப்பும் போய்விடும். துபாயிலோ மஸ்கட்டிலோ கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்புவோருக்கு ஒரு செய்தி: அங்கே ஈட்டிய க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சான்று கொண்டுவந்தால், அந்தக் காப்பீடு முடிந்த மூன்று ஆண்டுக்குள் இங்கே எடுக்கும் பாலிசியில் சலுகை தர விதியில் இடமுண்டு. கேட்காததால் கிடைக்காமல் போகிறது.

ஏற்கெனவே நிராகரிப்புக் கடிதம் கையில் வைத்திருப்பவர்கள், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதும்போது ஒரே ஓர் ஆவணத்தைக் கேட்க வேண்டும்: என்சிபி பற்றிப் பழைய நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய விசாரணைக் கடிதத்தின் நகலும் அதன் தேதியும். பாலிசி தொடங்கிய 21 நாளுக்குள் இருக்கும் தேதியா, விபத்துக்குப் பிந்தைய தேதியா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

அந்தக் கடித நகலை, வாடிக்கையாளர் கேட்காமலே, என்சிபி காரணமாக அனுப்பும் ஒவ்வொரு நிராகரிப்புக் கடிதத்தோடும் இணைக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட ஆணையத்தால் இன்றே முடியும். மற்றக் கோரிக்கைகளுக்குக் குழுவும் ஆய்வும் வேண்டியிருக்கலாம். இதற்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
மோட்டார் காப்பீட்டு விற்பனையிலும் க்ளெய்ம் பணியிலும் உள்ள சிலர்,
தமிழ்நாடு